வாட்ஸ்அப் பேக்கப் கடவுச்சொல் மறந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போனில் வாட்ஸ்அப் ஏற்றினேன். ஓ.டி.பி. வந்தது, கொடுத்தேன். அடுத்து பேக்கப் கடவுச்சொல் கேட்கிறது. அப்படி ஒன்றை வைத்ததே நினைவில்லை. பழைய அரட்டைகள் திரும்பக் கிடைக்குமா?

எல்லாம் பழைய போனைப் பொறுத்தது. அது கையில் இருக்கிறதா, அதிலிருந்த வாட்ஸ்அப் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அரட்டைகள் அந்தப் போனுக்குள்ளேயே இருக்கின்றன; மறந்துபோன கடவுச்சொல் உங்களுக்குத் தேவைப்படாது. புது போனில் எண்ணைப் பதிவு செய்ததால் பழைய போன் வெளியேற்றப்பட்டிருக்கும். பதற வேண்டாம். பழைய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அதே எண்ணுக்கு மறுபடி ஓ.டி.பி. வாங்கி உள்ளே சென்றால் பெரும்பாலும் அரட்டைகள் விட்ட இடத்தில் இருக்கும். அங்கிருந்து அவற்றைப் புது போனுக்கு மாற்றும் வழியைக் கீழே சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் முக்கியம்: வாட்ஸ்அப் பழைய போனில் அப்படியே இருக்கட்டும். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பழைய போன் தொலைந்துவிட்டது, உடைந்துவிட்டது, அல்லது விற்பதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்கள் என்றால் விடை வேறு. கடவுச்சொல் நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. கணக்குக்கு ஒன்றும் ஆகாது. எண், குழுக்கள், இனி வரும் செய்திகள் எல்லாம் வழக்கம்போல இருக்கும். பழையவை மட்டும் போய்விடும்.

ஓ.டி.பி. கொடுத்து நான்தான் என்று நிரூபித்த பிறகும் இன்னொரு கடவுச்சொல் எதற்கு?

ஓ.டி.பி. நிரூபிப்பது ஒன்றைத்தான்: அந்த எண்ணுள்ள சிம் இப்போது உங்களிடம் இருக்கிறது. சிம்மைத் திருடியவரும் போலி ஆவணம் கொடுத்து நகல் சிம் வாங்கியவரும்கூட இதை நிரூபித்துவிடலாம். அப்படி நுழைபவர் உங்கள் பழைய உரையாடல்களைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே பேக்கப்புக்குத் தனிப் பூட்டு.

இந்த இடத்தில் பலரும் பூட்டுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு; அது ஆறு இலக்க எண். அதை மறந்தால் முன்பே கொடுத்திருந்த மின்னஞ்சல் மூலம் மாற்றலாம், மின்னஞ்சல் கொடுக்காதவர்கள் ஏழு நாள் காத்திருந்து மாற்றலாம். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் வேறு. பேக்கப் கோப்பு எந்தக் கணக்கில் கிடக்கிறதோ அதற்குள் நுழைய அது தேவை. பேக்கப் கடவுச்சொல் மூன்றாவது. குறைந்தது ஆறு எழுத்துகள், அவற்றில் ஓர் எழுத்தாவது ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும். ஆகவே கேட்கும் இடத்தில் ஆறு இலக்க எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால் பலன் இல்லை. வெறும் எண்களாலான ஒன்றை நீங்கள் வைத்திருக்கவே முடியாது. தேட வேண்டிய இடம் அதனாலேயே கொஞ்சம் சுருங்குகிறது.

இந்த வசதி தானாக இயங்காது. யாரோ ஒருவர் அதை இயக்கியிருக்க வேண்டும். அது நீங்கள் இல்லையென்றால், போனை அமைத்துக் கொடுத்த மகனையோ மருமகளையோ கடைக்காரரையோ கேளுங்கள். பல வீடுகளில் விடை அங்கேதான் இருக்கிறது.

மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தால் மாற்றித் தருகிறார்கள், வங்கியிலும் மாற்றித் தருகிறார்கள். வாட்ஸ்அப் நிறுவனம் மட்டும் ஏன் முடியாது என்கிறது?

மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியில் உங்கள் கடிதங்கள் அவர்களே படிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. கடவுச்சொல் அங்கே வாசலில் நிற்கும் காவலாளிதான். நீங்கள் யார் என்று நம்பவைத்துவிட்டால் காவலாளியை மாற்றிவிடுவார்கள். உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் 2021 அக்டோபரில் கொண்டுவந்த முழுக் குறியாக்க பேக்கப் வேறு வகை. அதை இயக்கும்போது உங்கள் போன் தனக்குள்ளேயே ஒரு ரகசியச் சாவியைக் குலுக்கல் முறையில் உருவாக்குகிறது. 256 பிட் நீளமுள்ள எண் அது. பேக்கப் கோப்பு போனை விட்டு வெளியேறும் முன்பே அந்தச் சாவியால் குறியாக்கம் செய்யப்படுகிறது. கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போய்ச் சேர்வது, சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பையாகத் தெரியும் பைட்டுகள். சேமிக்கும் கூகுளிடமும் சாவி இல்லை, செயலியை நடத்தும் மெட்டாவிடமும் இல்லை.

சாவி இல்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் கடவுச்சொல் முறையில் சாவி மெட்டாவின் வளாகத்தில்தான் வைக்கப்படுகிறது. ஆனால் அது கிடப்பது சாதாரண சர்வரில் அல்ல. வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகம் என்று ஒரு சாதனம் இருக்கிறது; வங்கிகள் தங்கள் ரகசியச் சாவிகளை வைப்பதும் இந்த வகைச் சாதனத்தில்தான். உள்ளிருப்பதைச் சொந்தக்காரரே வெளியே எடுக்க முடியாதபடி அது கட்டப்பட்டிருக்கிறது. ஒரு தரவு மையம் முடங்கினாலும் வேலை நடக்கும்படி ஐந்து மையங்களில் இந்தப் பெட்டகங்களை அமைத்திருப்பதாக மெட்டா அறிவித்தது. நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும்போது, அந்தச் சொல்லை அனுப்பாமலேயே அது உங்களுக்குத் தெரியும் என்று போன் பெட்டகத்திடம் நிரூபிக்கிறது. ஓபேக் என்ற நெறிமுறை இதைச் செய்கிறது. சரியாக இருந்தால் சாவி போனுக்குத் திரும்பி வருகிறது. இன்ன கணக்குக்கு ஒரு சாவி பெட்டகத்தில் உண்டு என்பது வரைதான் நிறுவனத்துக்குத் தெரியும். சாவி தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அதனால் வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் அங்கே இருப்பவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நினைவுக்கு வரும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. பெட்டகம் தவறான முயற்சிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். அனுமதித்த அளவைத் தாண்டினால் அந்தச் சாவியை நிரந்தரமாக எட்டாதபடி செய்துவிடும். அதற்குப் பிறகு சரியான கடவுச்சொல் நினைவுக்கு வந்தாலும் பயன் இல்லை.

இது கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் ஆறைக் கொண்டு அமைக்கக்கூடிய சொற்கள் மொத்தம் சுமார் 31 கோடி. மனிதனுக்கு இது பெரிய எண், கணினிக்கு விளையாட்டு. முயற்சிகளுக்கு வரம்பு இல்லாவிட்டால், கோப்பைத் திருடியவர் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து விரைவிலேயே திறந்துவிடுவார். குட்டையான கடவுச்சொல்லுக்கு வலுவைக் கொடுப்பதே அந்த எண்ணிக்கைதான்.

எனவே முதலில் போனைக் கீழே வையுங்கள். ஒரு காகிதத்தில், நீங்கள் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்களையும் அவற்றின் உருமாற்றங்களையும் எழுதுங்கள்: முதல் எழுத்து பெரியதா, கடைசியில் பிறந்த ஆண்டு உண்டா, நடுவில் @ வருமா. ஏற்கெனவே போட்டுப் பார்த்தவற்றை அடித்துவிடுங்கள். பதற்றத்தில் ஒரே தவறான சொல்லை நாலு முறை போட்டு வாய்ப்புகளை வீணடிப்பவர்கள்தான் அதிகம். பிறகு கூகுள் கணக்கின் கடவுச்சொல் சேமிப்பிலும் (passwords.google.com), ஐபோனில் சேமித்த கடவுச்சொற்களிலும் தேடுங்கள். அன்று போன் சேமிக்கவா என்று கேட்டு, நீங்கள் யோசிக்காமல் சரி என்று அழுத்தியிருக்கக்கூடும். எல்லாம் முடிந்த பிறகு, அதிக நம்பிக்கையுள்ளதை முதலில் போடுங்கள்.

தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஆகிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாளும் கடவுச்சொல் கேட்கவில்லையே?

பேக்கப் எடுக்கக் கடவுச்சொல் தேவையில்லை. சாவி பழைய போனில், வாட்ஸ்அப்புக்கு மட்டும் எட்டக்கூடிய உள்சேமிப்பில் இருந்தது. ஒவ்வோர் இரவும் போன் அந்தச் சாவியை எடுத்துக் குறியாக்கம் செய்து அனுப்பியது. உங்கள் உதவி அதற்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் போன் இல்லாத நாளில்தான் சாவி உங்கள் மூலம் வர வேண்டியிருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை தட்டிய சொல்லை, போன் தொலைந்து தலை சுற்றும் நாளில் கேட்கிறார்கள். மறப்பது இயல்பு. இந்த ஏற்பாட்டின் பலவீனம் குறியாக்கத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. சாவி போனில் இருக்கும் வரை கடவுச்சொல்லை மறந்ததால் எந்த நட்டமும் இல்லை. புதியது வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பைத் திறந்து Settings, Chats, Chat backup, End-to-end encrypted backup என்று செல்லுங்கள். Change password என்பதை அழுத்தினால், பழையதைக் கேட்கும் திரையில் I forgot my password என்று இருக்கும். அதை அழுத்தி, கைரேகை, முகம் அல்லது போனின் திரைப்பூட்டால் உறுதிப்படுத்தினால் புதிய கடவுச்சொல் வைக்கலாம்.

இதைச் செய்ய உகந்த நேரம், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்று.

அம்மாவுக்குப் புது போன் வாங்கியிருக்கிறோம். பழையதைச் சனிக்கிழமை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டும். அவருக்கு பேக்கப் கடவுச்சொல் நினைவில்லை. இரண்டும் ஆண்ட்ராய்டு. எந்த வரிசையில் செய்வது?

வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடித்துவிடலாம். பழைய போனில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருப்பதால் நிலைமை உங்கள் பக்கம்.

முதலில் பழைய போனில் மேலே சொன்னபடி கடவுச்சொல்லை மாற்றுங்கள். அம்மாவைக் கேட்டு அவர் வாயில் வரும் ஒன்றை வைப்பதே நல்லது. நீங்களாக ஒன்றை வைத்தால் அடுத்த முறையும் இதே கதைதான். வீட்டுக் கணக்கு நோட்டில், எந்தப் போன், எந்தக் கூகுள் கணக்கு, என்ன கடவுச்சொல், என்று வைத்தது என்பதை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து அதே Chat backup திரைக்கு வந்து Back up பொத்தானை அழுத்துங்கள். படங்களும் வீடியோக்களும் அதிகம் இருந்தால் நேரமாகும். வைஃபையில், சார்ஜரில் போட்டு வையுங்கள். முடிந்ததும் கடைசி பேக்கப் எப்போது என்று அந்தத் திரையில் தெரியும் நேரத்தைப் பாருங்கள். சற்று முன் நடந்ததைக் காட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி தெரிந்தால் டிரைவில் இடம் நிறைந்திருக்கலாம், அல்லது பேக்கப் வேறொரு கூகுள் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எந்தக் கணக்கு என்பதும் அதே திரையில் இருக்கும். புது போனிலும் அந்தக் கணக்கே இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், புது போனுக்கு மாற்ற நான் பேக்கப்பைப் பயன்படுத்தமாட்டேன். ஒரே வகைப் போன்களுக்கிடையே நேரடியாக மாற்றும் வசதி 2023-இலிருந்து இருக்கிறது. பழைய போனில் Settings, Chats, Transfer chats. புது போனில் அதே எண்ணைப் பதிவு செய்யும்போது காட்டும் கியூ.ஆர். குறியைப் பழைய போனால் படம்பிடித்தால், அரட்டைகள் ஒரு போனிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போகும். டிரைவ் நடுவில் வராது, பேக்கப் கடவுச்சொல்லையும் கேட்காது. இரண்டிலும் வைஃபை, இருப்பிட வசதி இரண்டையும் இயக்கி, போன்களை அருகருகே வையுங்கள். எடுத்து வைத்த பேக்கப், மாற்றம் பாதியில் நின்றுபோனால் உதவும் இரண்டாவது கயிறு.

மாற்றம் முடிந்ததும் உடனே பழைய போனை அழித்துவிடாதீர்கள். புது போனில் இரண்டு மூன்று பழைய உரையாடல்களை மேலே தள்ளிப் பாருங்கள், ஆண்டுக்கணக்கில் பின்னால் போகிறதா, குரல் செய்தி ஒலிக்கிறதா, படம் திறக்கிறதா என்று. பிறகு புது போனின் Chat backup திரையில் முழுக் குறியாக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நோட்டில் எழுதிய அதே கடவுச்சொல்லோடு இயக்குங்கள். எக்ஸ்சேஞ்சுக்காக எல்லாவற்றையும் அழிப்பது கடைசி வேலை.

நான் கடவுச்சொல் வைக்கவில்லை, 64 இலக்கச் சாவியை நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது போட்டால் ஏற்கவில்லை.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக, போன் உருவாக்கிய சாவியையே 64 இலக்கங்களாக எழுதி வைத்துக்கொள்ளும் வழியும் வாட்ஸ்அப்பில் உண்டு. எழுதியதில் எங்கோ ஓர் எழுத்து மாறியிருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. அந்தச் சாவியில் வரக்கூடியவை 0 முதல் 9 வரையுள்ள எண்களும், a முதல் f வரையுள்ள ஆறு எழுத்துகளும் மட்டுமே. எனவே நோட்டில் o போலத் தெரிவது பூஜ்யம். l போலத் தெரிவது 1. g அல்லது q என்று படிப்பது 9. s என்று படிப்பது 5, z என்று படிப்பது 2. உண்மையான குழப்பம் வரும் இடங்கள் சில மட்டுமே: 6-ம் b-யும், c-யும் e-யும், அவசரத்தில் எழுதிய a-யும் d-யும். அந்த இடங்களை மட்டும் வட்டமிட்டு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். 63 இருந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது, 65 இருந்தால் ஒன்று இரட்டித்திருக்கிறது. நான்கு நான்காகப் பிரித்து எழுதினால் பதினாறு தொகுதிகள் வர வேண்டும். எந்தத் தொகுதி ஒத்துவரவில்லை என்பது கண்ணில் படும். ஓர் இடம் மட்டும் மை கலைந்து அழிந்திருந்தால் கவலை வேண்டாம், அங்கே வரக்கூடியவை பதினாறுதான்.

முழுச் சாவியும் தொலைந்திருந்தால் நம்பிக்கை இல்லை. இந்த முறையில் பெட்டகத்துக்கு எதுவும் அனுப்பப்படுவதில்லை. சாவியின் வெளிப் பிரதி உங்களிடம் இருந்தது ஒன்றுதான். சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். போட்டுப் பார்த்துப் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. போனின் கேலரியில் பழைய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். சிலர் சாவியை வாட்ஸ்அப்பிலேயே தமக்குத் தாமே செய்தியாக அனுப்பி வைத்திருப்பார்கள். அந்தச் செய்தியும் இப்போது பூட்டிய பேக்கப்புக்குள் இருக்கிறது.

போனின் மெமரியில் msgstore.db.crypt15 என்று ஒரு கோப்பு கிடக்கிறது. அதைத் திறந்து தருகிறேன், மூவாயிரம் ரூபாய் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் டிரைவுக்கு அனுப்புவதோடு நிற்காமல் போனுக்குள்ளும் சில நாள் பிரதிகளை வைக்கிறது. இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

கோப்பின் பெயர் crypt15 என்று முடிந்தால், அது முழுக் குறியாக்கத்தில் இருக்கிறது, டிரைவில் உள்ளதைத் திறக்கும் அதே சாவிதான் இதற்கும் வேண்டும் என்று பொருள். crypt14 என்று முடியும் கோப்பு வேறு வகை. அதன் சாவி வாட்ஸ்அப் சர்வரிடம் இருக்கிறது, எண்ணைச் சரிபார்த்தால் தானாகத் திறக்கும். ஆகவே அந்தக் கோப்புறையில் பழைய crypt14 கோப்பு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை அல்ல. முழுக் குறியாக்கத்தை அண்மையில்தான் இயக்கியிருந்தால், அதற்கு முந்தைய நாளின் கோப்பு இருக்கலாம்.

crypt15-ஐத் திறக்கும் மென்பொருள்கள் இணையத்தில் இருப்பது உண்மைதான். அவை எல்லாம் முதலில் கேட்பது அந்த 64 இலக்கச் சாவியை. சாவி இல்லாமல் திறப்பதாகச் சொல்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு அலையவிடுவார். அதைவிட மோசம், சரிபார்ப்புக்கு என்று சொல்லி உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்பவர். பழைய அரட்டைகளைத் தேடப் போய் நடப்புக் கணக்கையும் இழப்பீர்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அவர் போனும் சிம்மும் எங்களிடம் இருக்கின்றன. பேக்கப் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அவருடைய செய்திகளையும் குரல் பதிவுகளையும் காப்பாற்ற வேண்டும்.

போனின் திரைப்பூட்டு எண் உங்களுக்குத் தெரியுமானால் எல்லாம் காப்பாற்றப்படும். கைரேகைக்குப் பதில் அந்த எண்ணைக் கொண்டே புதிய பேக்கப் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் அதற்கும் முன், முக்கியமான உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து Export chat மூலம் மின்னஞ்சலுக்கோ டிரைவுக்கோ அனுப்பி வையுங்கள். படங்களோடு அனுப்பினால் அண்மைய 10,000 செய்திகளும், படங்கள் இல்லாமல் 40,000 செய்திகளும் அடங்கும். இது சாதாரண உரைக் கோப்பு. திறக்க எந்தச் சாவியும் வேண்டாம். குரல் பதிவுகளைத் தனியாகவும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று: அவருடைய சிம்மை உங்கள் போனில் போட்டு வாட்ஸ்அப் பதிவு செய்வது. அந்த நொடியே அவர் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், கணினியில் இணைத்திருந்தால் அதுவும் துண்டிக்கப்படும். உங்கள் போனோ கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இயங்காமல் இருந்தால் அதை நிறுவனம் நீக்கிவிடும்.

திரைப்பூட்டு தெரியாவிட்டால் கடையில் கொடுத்து அன்லாக் செய்யச் சொல்லாதீர்கள். இன்றைய போன்களில் அன்லாக் என்று கடைகள் செய்வது பெரும்பாலும் போனை முழுதாக அழித்துப் புதிதாக்குவது. போன் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த நிலையில் கைகொடுப்பது எதிர்முனை: அவரோடு பேசியவர்களின் போன்களில் அதே உரையாடலின் பிரதி இருக்கிறது. உங்கள் போனில், அம்மாவின் போனில், அவர் நண்பர்களின் போன்களில். அவர்களை Export chat செய்து அனுப்பச் சொல்லலாம். போனைத் தொலைத்தவர்களுக்கும் இதே வழிதான், கேட்கக் கொஞ்சம் கூச்சப்படாமல் இருந்தால்.

நினைவுக்கு வரவில்லை. இப்போதைக்கு Skip அழுத்திவிட்டு வாட்ஸ்அப்பை ஓட்டலாமா? பிறகு நினைவு வந்தால் மீட்கலாம் அல்லவா?

மீட்கலாம், ஒரு நிபந்தனையோடு. தாண்டிச் சென்ற பிறகு வாட்ஸ்அப் காலியான நிலையில் தொடங்கும். அது அதே கூகுள் கணக்குக்குப் புதிய பேக்கப் எடுத்துவிட்டால், பழைய பேக்கப்பின் இடத்தில் இந்தக் காலி பேக்கப் உட்கார்ந்துவிடும். எனவே உள்ளே போனதும் முதல் வேலையாக Chat backup திரையில் கூகுள் கணக்குக்கு எடுக்கும் பேக்கப்பை நிறுத்துங்கள், அல்லது வேறு கூகுள் கணக்கைக் கொடுங்கள். நினைவு வந்த நாளில் செயலியை நீக்கி மறுபடி ஏற்றி, பழைய கணக்கைக் காட்டி மீட்கலாம். இடையில் சேர்ந்த செய்திகள் அப்போது போய்விடும். வேண்டியவற்றை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

காலவரம்பும் உண்டு. ஐந்து மாதம் புதுப்பிக்கப்படாத பேக்கப் டிரைவிலிருந்து தானாக நீக்கப்படலாம்.

ஐபோனில் வேறுபாடு உண்டா?

கடவுச்சொல், சாவி, பெட்டகம் எல்லாம் ஒன்றுதான். கோப்பு ஐகிளவுடில் கிடக்கும். வேறுபாடு ஓர் ஓட்டையில் இருக்கிறது. முழுப் போனையும் ஐகிளவுடுக்கு பேக்கப் எடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், வாட்ஸ்அப் அரட்டைகள் அந்தப் போன் பேக்கப்பிலும், வாட்ஸ்அப்பின் குறியாக்கம் இல்லாமல் போய்ச் சேர்கின்றன. ரகசியம் முக்கியம் என்பவர்கள் அதை நிறுத்தும்படி வாட்ஸ்அப்பே சொல்கிறது. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அதே ஓட்டை வாசலாகலாம்: புது ஐபோனைத் தொடக்கத்திலேயே முழு ஐகிளவுட் பேக்கப்பிலிருந்து மீட்டால் வாட்ஸ்அப்பின் தரவும் கூடவே வர வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவு ஆபத்து என்றால் இந்தக் குறியாக்கத்தை நிறுத்திவிடுவதே நல்லதில்லையா?

யாரிடமிருந்து காக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குறியாக்கம் இல்லாத பேக்கப் என்ன ஆகும் என்பதற்கு டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத்தை ஒரு காலத்தில் நடத்திய பால் மனஃபோர்ட் மீது அமெரிக்காவில் 2018-இல் நடந்த வழக்கு அறிந்த உதாரணம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளை விசாரணை அதிகாரிகள் அவருடைய ஐகிளவுட் கணக்கின் வழியாகப் பெற்றார்கள். செய்திகள் போகும் வழியெல்லாம் குறியாக்கத்தில் இருந்தும் பேக்கப் திறந்து கிடந்தது. பத்திரிகையாளர், வழக்கறிஞர், குடும்ப வன்முறையிலிருந்து விலகி வாழும் பெண், கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைப் பிறர் அறிந்திருக்கும் எவரும் இதை இயக்கியே வைக்க வேண்டும். பேரன் பேத்தி படங்களும் கோயில் குழுச் செய்திகளும் மட்டும் உள்ள பெரியவருக்கு, திருட்டைவிட மறதிதான் பெரிய ஆபத்து. அவருக்கு நான் இதை வற்புறுத்தமாட்டேன்.

இயக்குவதாக முடிவு செய்தால், எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவருக்கு 64 இலக்கச் சாவி, மனத்தில் வைப்பவருக்குக் கடவுச்சொல். 2025 அக்டோபர் இறுதியில் பாஸ்கீ என்ற மூன்றாவது வழியையும் வாட்ஸ்அப் அறிவித்தது. கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டால் பேக்கப் திறக்கும். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. மறதிக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் அந்தப் பாஸ்கீ கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் சேமிப்பில் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் புது போனிலிருந்து நுழைய முடிய வேண்டும். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக, எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சிம்மின் எண் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.